தமிழ் பிரசங்கத்தை இங்கிலீஷ்ல நினைக்கிற பசங்களுக்கு எழுதித் தர்றது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாஸ்டர் தமிழ்ல ஆறு நிமிஷம்தான் பேசுறாரு, அதை அப்படியே இங்கிலீஷ்ல போட்டா போதாதா அக்கா? ஏன் ஒரு நாள் முழுக்க உக்காந்திருக்கீங்க?

நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். நாங்க இருக்குறது டொரண்டோ பக்கம், எங்க சபையில ஞாயித்துக்கிழமை ஆராதனை தமிழ்ல, அதுல இளைஞர்களுக்குன்னு ஒரு குட்டிப் பிரசங்கம். பசங்க எல்லாரும் இங்கயே பொறந்தவங்க இல்லன்னா மூணு நாலு வயசுல வந்தவங்க. வீட்ல தமிழ் புரியும், "சாப்டியா", "எங்க போற" இதெல்லாம் தண்ணி பட்ட பாடு, ஆனா "கிருபாசனத்தண்டை"ன்னு பாஸ்டர் சொன்ன உடனே முகத்துல ஒரு திரை விழுந்துடும். சரி, இங்கிலீஷ்ல எழுதி கையில குடுத்துடலாம்னு ஒரு வாரம் வரிக்கு வரி மாத்தி ரெண்டு பக்கம் அடிச்சுக் குடுத்தேன். பதினாறு வயசுப் பொண்ணு ஒருத்தி படிச்சுட்டு, "ஆன்ட்டி, எல்லா வார்த்தையும் தெரியுது, ஆனா அங்கிள் என்ன சொல்ல வர்றாருன்னு தெரியல"ன்னா. இலக்கணத்துல ஒரு தப்பு இல்ல, நான் ரெண்டு தடவ பாத்துட்டுதான் குடுத்தேன்.

அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. பாஸ்டர் பேசுறதுல பாதி அவரு வாயால சொல்றதே இல்ல. தமிழ் கேக்குறவங்க மனசுல ஏற்கனவே இருக்குறத தொட்டு மட்டும் விட்டுடுவாரு, மிச்சத்த அவங்களே நிரப்பிக்குவாங்க. பசங்க மனசுல அது இல்ல, அதனால அந்தப் பாதிய நாம எழுத்துல கொண்டு வரணும். இன்னொரு பக்கம், அவரு பேச்சோட ஓசைக்காக மட்டும் வர்ற வார்த்தைங்க நிறைய இருக்கும், அதை எடுத்துடலாம். எதை கூட்டணும் எதை கழிக்கணும்னு முடிவு பண்றதுலதான் நேரம் போகுது, டைப் பண்றது அரை மணி நேரம்கூட ஆகாது.

முதல்ல எங்கருந்து ஆரம்பிக்கிறது? பைபிள் வசனத்துலயா, பேச்சுலயா?

ரெண்டுலயும் இல்ல, போன்ல. பாஸ்டர் வெள்ளிக்கிழமை ஒரு வாய்ஸ் மெசேஜ்ல பிரசங்கத்த பேசி அனுப்பிடுவாரு. நான் ஒரு தடவ சும்மா கேப்பேன், எதுவும் எழுத மாட்டேன். கேட்டு முடிச்சதும் ஒரே ஒரு தமிழ் வாக்கியம் எழுதுவேன்: இவரு என்ன சொல்றாரு? அப்புறம் அவருக்கே போன் பண்ணி படிச்சுக் காட்டுவேன், "ஐயா இதுதானா?"

இந்தப் பக்கம் முழுக்க ஒரே பிரசங்கத்த உதாரணமா எடுத்துக்குறேன், லூக்கா 15-ல வர்ற கெட்ட குமாரன் கதை, சொத்துல தன் பங்க வாங்கிட்டு தூரதேசம் போய் எல்லாத்தயும் அழிச்ச மகன் அப்பாகிட்ட திரும்பி வர்றது. நான் எழுதின வாக்கியம், "தப்பு பண்ணிட்டுத் திரும்பி வந்தா கடவுள் மன்னிப்பாரு". ஐயா உடனே, "இல்லம்மா, அது எல்லாருக்கும் தெரியும். நான் சொல்றது, அவன் மன்னிப்பு கேட்டு முடிக்கிறதுக்கு முன்னாடியே அவரு ஓடி வந்துட்டாருங்கிறது"ன்னாரு. பாருங்க, ரெண்டும் வேற வேற பிரசங்கம். என் வாக்கியத்த வச்சு எழுதியிருந்தா அழுத்தம் முழுக்க மகன் திரும்பி வந்ததுல விழுந்திருக்கும், அவரு சொன்னதோ அப்பாவோட ஓட்டத்த. இந்த ஒரு போன் காலை தவிர்த்துட்டு நேரா எழுத உக்காந்தீங்கன்னா, அழகான இங்கிலீஷ்ல வேற ஒரு பிரசங்கத்த எழுதி முடிச்சிருப்பீங்க, யாருக்கும் தெரியக்கூட தெரியாது.

ஒரு பத்தியை எடுத்து, மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் காட்ட முடியுமா?

காட்டுறேன். ஐயா பேசினது கிட்டத்தட்ட இதுதான்:

"பிரியமானவர்களே, பாருங்க, அந்தத் தகப்பன் எப்படி ஓடுறாரு! வயசான மனுஷன், ஊரே பாத்துக்கிட்டிருக்கு, ஓடுறாரு... ஓடுறாரு... பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அந்தப் பையன் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தத சொல்லி முடிக்கல, அதுக்குள்ள கட்டிப்பிடிச்சாச்சு. நம்மளயும் அப்படித்தான் கர்த்தர் தேடி வந்தாரு, அல்லேலூயா?"

நான் முதல் வாரம் குடுத்தது இப்படி இருந்திருக்கும்: "பிலவட் ஒன்ஸ், சீ ஹவ் தட் ஃபாதர் இஸ் ரன்னிங்." படிச்சதும் சிரிப்பு வரும் பசங்களுக்கு. "பிலவட் ஒன்ஸ்"னு ஒரு மனுஷன் இன்னொரு மனுஷன கூப்பிட்டு அவங்க கேட்டதே கிடையாது.

ஆனா அதைவிட பெரிய சிக்கல் "ஓடுறாரு". நம்ம ஊர்ல எழுபது வயசுப் பெரியவர் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு தெருவுல ஓடுறாருன்னா, ஏதோ நடந்துடுச்சுன்னு ஊரே எழுந்து நிக்கும். பெரிய மனுஷன் ஓட மாட்டாரு, மத்தவங்கதான் அவருகிட்ட ஓடி வருவாங்க. இயேசு இந்தக் கதைய சொன்ன ஊர்லயும் அப்படித்தான், நிலபுலம், வேலைக்காரங்க எல்லாம் உள்ள பெரியவர் ஓடுறது கௌரவக் குறைச்சல்னு விளக்கவுரைங்கள்ல எழுதுவாங்க. ஐயா இதை விளக்கவே இல்ல, "வயசான மனுஷன், ஊரே பாத்துக்கிட்டிருக்கு" அவ்ளோதான். எங்க சபை அம்மாமார் கண்ணு கலங்கிடுச்சு, ஏன்னா அவங்களுக்கு மிச்சம் தானா தெரியும். பசங்களுக்கு? இங்க எழுபது வயசு தாத்தாங்க காலைல அரைக்கால் டவுசர் போட்டுக்கிட்டு ஓட்டமா ஓடுறாங்க. அப்பா ஓடினாரா, நல்லது, உடம்புக்கு நல்லது. அந்த ஓட்டத்துல அவமானம் இருக்குங்கிறது அவங்களுக்கு வந்தே சேராது, வராட்டி பிரசங்கமே இல்ல.

கடைசியா நான் எழுதினது, தமிழ் எழுத்துலயே போடுறேன், வாய்விட்டு படிச்சுப் பாருங்க: "அண்ட் தென் தி ஓல்ட் மேன் ரன்ஸ். மென் லைக் ஹிம் டிட் நாட் ரன். கிட்ஸ் ரான். சர்வன்ட்ஸ் ரான். தி ஹோல் வில்லேஜ் இஸ் வாச்சிங் ஹிம் லுக் ரிடிக்யுலஸ், அண்ட் ஹி டஸ் நாட் கேர். ஹிஸ் சன் ஹேஸ் அ ஸ்பீச் ரெடி. ஹி நெவர் கெட்ஸ் டு தி எண்ட் ஆஃப் இட். தட் இஸ் ஹவ் காட் கேம் ஃபார் யூ அண்ட் மி."

"கிட்ஸ் ரான், சர்வன்ட்ஸ் ரான்" ஐயா சொன்னதில்ல, நான் சேத்தது. ஆனா அது புது கருத்து இல்ல, தமிழ் கேட்டவங்க மனசுல இருந்தத எழுத்துல வச்சேன். இதுதான் நான் வச்சுக்கிட்ட எல்லை: தமிழ் கேட்டவங்களுக்கு புரிஞ்சதத்தான் கூட்டலாம், அவங்களுக்கும் தெரியாத ஒண்ண நான் படிச்சேன்னு கொண்டு போய் திணிக்கக் கூடாது. எனக்கே ஆசை வந்துச்சு, இந்தக் கதைய பத்தி படிச்ச இன்னும் நாலு விஷயத்த போடலாம்னு. அது என் பிரசங்கம் ஆயிடும், ஐயாவோடது இல்ல.

இன்னொன்னு கவனிச்சீங்களா, "ஓடுறாரு... ஓடுறாரு..."ன்னு ரெண்டு தடவ இழுத்தது போயிடுச்சு. அதுக்கு பதிலா குட்டி குட்டி வாக்கியம் வந்திருக்கு. தமிழ் மேடைப் பேச்சுல திரும்பத் திரும்ப சொல்றதுதான் அழுத்தம், இங்கிலீஷ் படிக்கிறவங்களுக்கு அது அச்சுப் பிழை மாதிரி தெரியும், அவங்களுக்கு சின்ன வாக்கியம்தான் அழுத்தம்.

அந்தப் பழமொழி எங்க போச்சு? "பெத்த மனம் பித்து" எவ்வளவு அழகு, அதை விட்டுட்டீங்களே!

இந்தக் கேள்வி எங்க அம்மாவே கேட்டாங்க. விட மனசே இல்ல எனக்கும், மூணு விதமா எழுதிப் பாத்தேன். "பேரன்ட்ஸ் ஹார்ட் இஸ் மேட், சைல்ட்ஸ் ஹார்ட் இஸ் ஸ்டோன்"னு அப்படியே போட்டா, "மேட்"ங்கிறத இங்க உள்ள பசங்க கோபம்னு எடுத்துக்குறாங்க, அப்பா கோவமா ஓடி வர்றாருன்னு ஆயிடுச்சு, நேர் எதிர். இங்கிலீஷ்ல அதே கருத்துக்கு ஒரு பழமொழி தேடலாம்னு பாத்தேன், பொருந்துறது எதுவும் கிடைக்கல, கிடைச்சாலும் அது ஐயா வாயில ஒட்டாது.

பித்துங்கிறத மட்டும் எடுத்துக்கிட்டேன். "லுக் ரிடிக்யுலஸ், அண்ட் ஹி டஸ் நாட் கேர்"ல அந்தப் பித்து இருக்கு. பழமொழி பிரசங்கத்துல என்ன வேலை செய்யுதோ அந்த வேலை நடந்தா போதும், பழமொழி கூடவே வரணும்னு இல்ல. ஆனா ஐயா பிரசங்கத்தயே ஒரு பழமொழி மேல கட்டியிருந்தா, அதாவது தலைப்பே அதுன்னா, அப்ப மறைக்கக் கூடாது. "எங்க தமிழ்ல இப்படி ஒண்ணு சொல்லுவோம்"னு வெளிப்படையா சொல்லி, அர்த்தத்த ரெண்டு வரியில விரிச்சு எழுதிடலாம். பசங்களுக்கு அது பிடிக்கவும் செய்யும், அவங்க பாட்டி சொல்றதாச்சே.

சிலேடைக்கு இந்த வழியும் கிடையாது. அதே பிரசங்கத்துல ஐயா, "அந்தப் பையன் பாவம், ஆனா பாவி"ன்னாரு, சபையே சிரிச்சுது. இரக்கப்பட சொல்றதுக்கும் குற்றத்துக்கும் நம்மகிட்ட ஒரே வார்த்தை, இங்கிலீஷ்ல கிடையாது. விட்டுட்டேன், வருத்தம்தான்.

எந்த இங்கிலீஷ் பைபிளை வசனத்துக்கு எடுக்குறது? எதுவா இருந்தா என்ன?

பசங்க போன்ல எது இருக்கோ அது. எங்க பசங்க பெரும்பாலும் என்.ஐ.வி வச்சிருக்காங்க, ரெண்டு மூணு பேரு என்.எல்.டி. 1611-ல வந்த கே.ஜே.வி-ய எடுக்காதீங்க, பெரியவங்களுக்கு அதோட ஓசை பிடிக்கும், பதினஞ்சு வயசுப் பையனுக்கு அது நாடக வசனம்.

ஆனா இதுல ஒரு கண்ணி இருக்கு, நான் ஒரு தடவ மாட்டிக்கிட்டேன். நாம சபையில வாசிக்கிற தமிழ் பைபிள் 1871-ல வந்த மொழிபெயர்ப்ப ஒட்டினது, அதோட வார்த்தைங்க நம்ம காதுல இன்னைக்கு வேற அர்த்தத்துல விழும். சங்கீதம் 23: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." ஐயா ஒரு வாரம் இந்த "தாழ்ச்சி"ய பிடிச்சுக்கிட்டாரு, "உன்னை யாரும் தாழ்த்த முடியாது, ஆபீஸ்ல, ஸ்கூல்ல, சொந்தக்காரங்க முன்னாடி நீ தலை குனிய மாட்ட"ன்னு நல்லா சூடா போச்சு. நான் எழுதிட்டு வசனத்த மேல போட்டேன், என்.ஐ.வி-ல "ஐ லேக் நத்திங்". எனக்கு எதுவும் குறையாது, அவ்ளோதான். தலை குனியறத பத்தி அதுல ஒரு எழுத்துகூட இல்ல. பசங்க வசனத்தயும் பிரசங்கத்தயும் மாறி மாறி பாத்துட்டு, "இது எங்கருந்து வந்துச்சு"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. பழைய தமிழ்ல தாழ்ச்சின்னா குறைவுன்னும் அர்த்தம் உண்டு, மூலத்துல எபிரேய வார்த்தையும் குறைவைத்தான் சொல்லுது.

இப்படி வந்தா என்ன செய்யணும்னா, எழுதுறவங்க சத்தமில்லாம சரி பண்ணக் கூடாது, பிரசங்கம் பண்றவங்ககிட்ட போகணும். நான் போனேன், கொஞ்சம் பயந்துக்கிட்டுதான், பெரியவருக்கு பைபிள் சொல்லிக் குடுக்குற மாதிரி ஆயிடக் கூடாதுல்ல. "ஐயா, இங்கிலீஷ்ல இந்த வார்த்தை இல்ல, பசங்க வசனத்துல தேடுறாங்க, என்ன செய்யட்டும்"னு மட்டும் கேட்டேன். அவரு கொஞ்ச நேரம் பேசல, அப்புறம், "சரிம்மா, குறைவுன்னே போ, ஒருத்தனுக்கு மரியாதை குறைஞ்சாலும் அதுவும் குறைவுதான"ன்னாரு. அதே கருத்து, இப்ப வசனத்துல இருந்து கிளம்புது. இப்பல்லாம் நான் முதல்லயே செய்யுறது இது: பிரசங்கம் தொங்குற தமிழ் வார்த்தை எதுன்னு பாத்து, அது இங்கிலீஷ் வசனத்துல இருக்கான்னு தேடிட்டுதான் எழுத உக்காருவேன்.

கெட்ட குமாரன்லயும் ஒண்ணு இருந்துச்சு, தலைப்பே. இங்கிலீஷ்ல இந்தக் கதைய "ப்ராடிகல் சன்"னு சொல்லுவாங்க, "ப்ராடிகல்"னா ஊதாரின்னுதான் அர்த்தம், பசங்க பாதிப் பேரு அது "திரும்பி வந்தவன்"னு நெனச்சுக்கிட்டிருந்தாங்க, ஒருத்தன் அதை "ப்ராடிஜி"ன்னு எடுத்துக்கிட்டு அபூர்வத் திறமைசாலின்னான். நான் என்.ஐ.வி தலைப்புல இருக்குற மாதிரி "லாஸ்ட் சன்"னு போட்டுட்டேன்.

"கிருபை", "இரட்சிப்பு", "மனந்திரும்புதல்" மாதிரி சபை வார்த்தைகளை எல்லாம் எளிய இங்கிலீஷ்ல மாத்திடணுமா?

எல்லாத்தயும் மாத்தினா இன்னொரு பிரச்சனை. பசங்க பாடுற பாட்டுல "கிரேஸ்" வருது, அவங்க பைபிள்ல வருது, நாம மட்டும் அதை "கைண்ட்னெஸ்"னு ஆக்கிட்டா, பாட்டுல இருக்குற வார்த்தைக்கும் பிரசங்கத்துக்கும் தொடர்பே அறுந்து போயிடும். நான் செய்யுறது, ஒரு பிரசங்கத்துல ஒரே ஒரு சபை வார்த்தைய அப்படியே வைக்கிறது, முதல் தடவ வரும்போது அதோட அர்த்தம் கதைக்குள்ளயே தெரியுற மாதிரி எழுதுறது. இந்தப் பிரசங்கத்துல "கிரேஸ்" வச்சேன், "தட் ஹக், பிஃபோர் தி ஸ்பீச் இஸ் டன், இஸ் வாட் தி பைபிள் கால்ஸ் கிரேஸ்". அகராதி அர்த்தத்தவிட அது நல்லா நின்னுச்சு. மிச்ச வார்த்தைங்கள செயலா எழுதிடுவேன், மனந்திரும்புறதுன்னா "டர்ன்ட் ஹோம்".

"மனதுருகி"ன்னு ஒண்ணு வருது லூக்கா 15-ல 20-ஆவது வசனத்துல, அதுல நான் ரொம்ப நேரம் நின்னேன். "கம்பேஷன்"னு இங்கிலீஷ்ல இருக்கு, அது சரிதான், ஆனா ஸ்கூல் சுவத்துல ஒட்டி வைக்கிற நல்ல பண்பு மாதிரி காயுது. மனசு உருகுறது உடம்புல நடக்குறது, மூல கிரேக்க வார்த்தையும் குடலயும் உள்ளுறுப்பயும் சொல்ற வார்த்தையில இருந்து வந்தது. நான் வசனத்த தொடல, பிரசங்க வரியில மட்டும் "ஹிஸ் ஸ்டமக் டர்ன்ட் ஓவர்"னு எழுதினேன், ஒரு பையன் "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா"ன்னான். அடிச்சுட்டு "இட் ஹிட் ஹிம் ரைட் இன் தி செஸ்ட்"னு மாத்தினேன், அது சரியா போய்ச் சேந்துச்சு.

"நாம்", "நாங்கள்" ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஒரே வார்த்தைதானே, அதுல என்ன குழப்பம் வரப் போகுது?

நிறைய வரும், கண்ணுக்குத் தெரியாம வரும், அதான் ஆபத்து. ஐயா "நாம எல்லாரும் தூரதேசத்துக்குப் போனவங்கதான்"னாரு, தன்னையும் சேத்து. ரெண்டு நிமிஷம் கழிச்சு "நாங்க ஊர்ல இருந்து வந்தப்ப கையில ஒண்ணும் இல்ல"ன்னாரு, இது பெரியவங்க மட்டும், பசங்க இதுல இல்ல. ரெண்டயும் "வி"ன்னு போட்டேன். பசங்க ரெண்டாவது "வி"ய பாத்துட்டு, நாங்க எந்த ஊர்ல இருந்தும் வரலயே, இது அப்பா அம்மாவுக்கான பிரசங்கம்னு முடிவு பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் வந்த எல்லா "வி"யும் அப்பா அம்மாவுக்கே போயிடுச்சு, முதல் "நாம"கூட.

இப்ப, சேத்துச் சொல்றதுன்னா "யூ அண்ட் ஐ", இல்லன்னா "ஆல் ஆஃப் அஸ் இன் திஸ் ரூம்". பெரியவங்க மட்டும்னா "யுவர் பேரன்ட்ஸ் அண்ட் ஐ". ஒவ்வொரு "வி"க்கும் கீழ பென்சில்ல கோடு போட்டு, இது நாமவா நாங்களான்னு எழுதிடுவேன். அஞ்சு நிமிஷ வேலை.

தொல்லை பண்றது இன்னொன்னும் இருக்கு, மரியாதை. அப்பாவ ஐயா "ஓடுறாரு"ன்னாரு, மகனை "வந்தான்"ன்னாரு. இங்கிலீஷ்ல ரெண்டு பேரும் "ஹி". ஒரு பத்தியில நாலு "ஹி" வந்தா யாரு யார கட்டிப்பிடிச்சாங்கன்னே தெரியாது. அங்கங்க "தி ஃபாதர்", "தி பாய்"னு மாத்திப் போட்டுடணும்.

பசங்க பேசுற ஸ்லாங் போட்டா இன்னும் நெருக்கமா இருக்கும்ல?

போடாதீங்க. அறுபது வயசு பாஸ்டர் பேருல அது வந்தா அவங்களுக்கு கூச்சமா இருக்கும், அதோட ஆறு மாசத்துல அந்த வார்த்தை பழசாயிடும், நமக்குத்தான் அது தெரியாது. இயல்பான இங்கிலீஷுன்னா அவங்களோட நல்ல டீச்சர் ஒருத்தரு வகுப்புல பேசுற மாதிரி, அவ்ளோதான்.

தமிழ்ல ஒரே வாக்கியம் அரைப் பக்கம் போகுதே, அதை எப்படி உடைக்கிறது?

தமிழ்ல "எழுந்து, புறப்பட்டு, வந்து, பாத்து"ன்னு அடுக்கிக்கிட்டே போய் கடைசி வினையில இறக்கி வைப்போம், அழுத்தம் அந்தக் கடைசியில உக்காந்திருக்கும். அந்த 20-ஆவது வசனத்தயே பாருங்க, கண்டு, மனதுருகி, ஓடி, கட்டிக்கொண்டு, முத்தஞ்செய்தான், அஞ்சு செயல் ஏறிப் போய் முத்தத்துல நிக்குது. இங்கிலீஷ்ல இதை "சீயிங், ரன்னிங், ஹக்கிங்"னு இழுத்தா ஏட்டுத் தமிழ இங்கிலீஷ் எழுத்துல படிக்கிற மாதிரி இருக்கும். முழு வினையா வெட்டுங்க, எது அழுத்தமோ அதை தனி வாக்கியமா கடைசியில விடுங்க.

ஆனா எல்லாத்தயும் வெட்டித் தள்ளிடாதீங்க. எல்லாம் நாலு வார்த்தை வாக்கியமா இருந்தா தந்தி மாதிரி இருக்கும். ஓட்டம் வர்ற இடத்துல மட்டும் குட்டி, மத்த இடத்துல சாதாரணமா போகட்டும்.

நீளத்த பத்தியும் சொல்லிடுறேன். நம்ம ஒரு வார்த்தைக்கு இங்கிலீஷ்ல மூணு நாலு வார்த்தை ஆகும், "வந்துகொண்டிருந்தவனுக்கு"ங்கிறத எழுதிப் பாருங்க. அதனால தமிழ் எழுத்துப்படிய விட இங்கிலீஷ்ல வார்த்தைக் கணக்கு கூடித்தான் வரும், பயப்படாதீங்க. நிதானமா வாசிச்சா நிமிஷத்துக்கு 130 வார்த்தை மாதிரி போகும், ஆறு நிமிஷத்துக்கு 800-க்குள்ள வந்தா சரி.

பாஸ்டர் "நான் சொன்னதை குறைச்சுட்டியே"ன்னு கோவிச்சுக்கிட்டா?

கோவிச்சுக்கிட்டாரு, ஒரு தடவ. "அல்லேலூயா", "பாருங்க", "பிரியமானவர்களே" எல்லாத்தயும் எடுத்துட்டேன்னு. நான் விவாதம் பண்ணல, எழுதினத திரும்ப தமிழ்ல அவருக்கு வாயால சொன்னேன், பேப்பர பாத்து பாத்து, எழுத்துத் தமிழ் இல்ல, சாதாரணமா. கேட்டுட்டு, "எல்லாம் இருக்கே"ன்னாரு. அதுலயே ஒரு இடத்துல நிறுத்தி "இல்ல, இங்க ஊரே பாத்துச்சுன்னு நான் சொன்னேன், அது இல்லயே"ன்னாரு, பாத்தா நிஜமாவே முதல் பிரதியில விட்டிருந்தேன். இப்ப இதை ஒவ்வொரு வாரமும் செய்யுறோம், சனிக்கிழமை ராத்திரி பத்து நிமிஷம்.

சரியா வந்துடுச்சான்னு எப்படி தெரிஞ்சுக்குறது?

"புரிஞ்சுதா"ன்னு மட்டும் கேக்காதீங்க, எல்லாரும் தலைய ஆட்டுவாங்க. நம்ம பிள்ளைங்க பெரியவங்க மனசு நோகக் கூடாதுன்னு பழகினவங்க. பிரசங்கத்துல கை வைக்காத ஒரு பையனயோ பொண்ணயோ எடுத்து ஒரு தடவ படிக்கச் சொல்லி, பேப்பர வாங்கிட்டு, "வராத உன் ஃபிரெண்டுக்கு இதை எப்படி சொல்லுவ"ன்னு கேளுங்க. முதல் பிரதிக்கு வந்த பதில், "நம்ம தப்ப ஒத்துக்கணும்னு சொல்றாரு". தப்பு. நான் நடுவுல மகனோட பேச்சுக்கு ரெண்டு பத்தி குடுத்திருந்தேன், அப்பாவுக்கு ஒண்ணுதான், எடை அங்க சாஞ்சிடுச்சு. அதைக் குறைச்சேன். அடுத்த பையன் சொன்னது, "அப்பா அவன பேசவே விடல". அதுதான் ஐயா போன்ல சொன்னது.

சொல்லும்போது எந்த இடத்துல தடுமாறுறாங்கன்னும் பாருங்க. வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கு சிக்குற இடமெல்லாம் பெரும்பாலும் தமிழ் வாக்கிய அமைப்பு கீழ ஒளிஞ்சிருக்குற இடம்.

பசங்களுக்கு கஷ்டமா இருக்குற வரிய கொஞ்சம் மென்மையா மாத்தலாமா? உதாரணமா அப்பா அம்மாவுக்கு அடங்கி நடக்கச் சொல்றது.

கருத்த மாத்தக் கூடாது, தொனிய பாக்கலாம். "பெத்தவங்களுக்குக் கீழ்ப்படியுங்க"ன்னு தமிழ்ல ஐயா சொல்றப்ப அது பழகின வார்த்தை, அவ்வளவு சூடு இல்ல. "ஒபே"ன்னு இங்கிலீஷ்ல தனியா நிறுத்தினா நாய்க்கு சொல்ற மாதிரி விழுது, அது அவரு சொல்ல நெனச்சதவிட கடுமை. அப்ப அதுக்கு முன்னாடி அவரு சொன்ன காரணத்த முதல்ல கொண்டு வந்து வச்சுட்டு "ஒபே"ய விடாம போடுவேன், எபேசியர் 6:1-ல அந்த வார்த்தைதான் இருக்கு. "லிசன் டு"ன்னு மாத்தினா இனிமையா இருக்கும், ஆனா காது குடுக்குறது வேற, கீழ்ப்படியறது வேற.

கடைசி ஜெபத்தையும் எழுதித் தரணுமா?

நான் தர்றதில்ல. ஐயா ஜெபிக்கும்போது "நீர்", "உம்முடைய"ன்னு வரும், நீயும் இல்லாம நீங்களும் இல்லாம ஜெபத்துல கடவுளுக்கு நாம குடுக்குற மரியாதை, இங்கிலீஷ்ல வெறும் "யூ". ஒரு தடவ எழுதிப் பாத்தேன், ரொம்ப வத்திப் போச்சு. இப்ப பேப்பர் அடியில ஒரு வரி மட்டும் போடுறேன், அவரு எதுக்காக ஜெபிக்கிறாருன்னு. மிச்சத்த அவரு தமிழ்லயே ஜெபிக்கிறாரு, பசங்க கண்ண மூடிக் கேக்குறாங்க, ஆமென் சொல்ற இடம் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.